இரண்டு C வந்த கதை: ஒரே கிளவுட் போல்டரில் நாலு வருசம்

வெள்ளவத்தையில் நாலு பேர் சேர்ந்து வீட்டுப் பிளான் வரைகிறோம். எல்லா டிரோயிங்கும் ஒரே கிளவுட் போல்டரில்தான். 2022 மார்ச் கடைசியில் கரண்ட் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது ஞாபகம் இருக்கும். அப்போதுதான் மாட்டுப்பட்டோம்.

நானும் கொட்டாஞ்சேனையில் இருந்த தம்பியும் இணையம் இல்லாமல், லப்டொப் பட்டரியில், ஒரே மேல்மாடிப் பிளானைத் திறந்து வைத்திருந்தோம். நான் குளியலறைக் குழாய் இறங்கும் இடத்தை 150 மி.மீ. தள்ளி, டிரோயிங் ஓரத்தில் திருத்தங்களை A, B என்று எழுத்திட்டுக் குறிக்கும் ரிவிஷன் டேபிளில் C போட்டேன். அவன் ஒரு கதவின் அகலத்தை மாற்றி, அவனும் C போட்டான். கரண்ட் வந்ததும் இரண்டும் மேலே ஏறின. ஒன்றின் பெயரில் `conflicted copy` ஒட்டியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. சைட்டுக்கு அவனுடைய C போனது. சிலாப்பில் குழாய்க்கு விட்ட துளை பழைய இடத்திலேயே வந்தது.

"அண்ணை, இது உங்கட C-யா, என்ர C-யா?" என்று தம்பி கேட்டான். பிரிண்டின் ஓரத்தில் இருந்த பைல் பெயரும் நேரமும்தான் பதில் சொன்னது. அந்த பிளொட் ஸ்டாம்பை அன்றிலிருந்து எவரும் நிறுத்துவதில்லை.

ஒபிஸ் சேர்வரில் ஒருவர் திறந்த `.dwg`-ஐ மற்றவர் திறந்தால் ஒட்டோகேட் வாசிக்க மட்டும்தான் விடும். கிளவுட் போல்டரில் ஒவ்வொருவரும் திறப்பது தன் கணினியில் இருக்கும் பிரதியை. பூட்டும் அந்தக் கணினியோடு நின்றுவிடும்.

அடுத்து இன்னொரு பிழை விட்டோம். ரிவிஷன் எழுத்தை வேலை பைலின் பெயரிலேயே போட்டோம். பழைய B-யை அழிக்காததால், அதைத் தன் டிரோயிங்குக்குள் எக்ஸ்ரெஃப் ஆக, அதாவது வெளி பைலுக்கான இணைப்பாக, இழுத்திருந்த இன்ஜினியரின் டிரோயிங் சத்தமில்லாமல் B-யையே காட்டிக்கொண்டிருந்தது. பைலைக் காணவில்லை என்று ஒரு எச்சரிக்கை வந்திருந்தாலாவது தப்பியிருப்போம்.

இப்போது வேலை பைலின் பெயர் மாறவே மாறாது. எழுத்து ஏறுவது வெளியே போகும் பிரதியில் மட்டும்:

```
Work/2214-A-102.dwg
Issued/2022-05-09/2214-A-102_C.pdf
Issued/2022-05-09/2214-A-102_C.dwg
```

வெர்ஷன் ஹிஸ்டரி இருக்கே என்பார்கள். பல சேவைகளின் சாதாரணக் கணக்கில் அது 30 நாள்தான்; கட்டட வேலையில் பழைய டிரோயிங்கைத் தேடுவது ஆறு மாதம் கழித்து. அதனால்தான் `.dwg` பிரதியும் அந்தத் திகதிப் போல்டருக்குள் போகிறது.

எழுத்தை யாரும் தானாக எடுப்பதில்லை. பொது ஷீட் ஒன்றில் டிரோயிங் இலக்கத்துக்கு நேரே தன் பெயரைப் போட்டு, அடுத்த எழுத்தை அங்கே எடுத்த பிறகுதான் பைலைத் திறப்பது. டேபிளில் "சிறு திருத்தங்கள்" என்று எழுதவும் தடை. "குழாய்த் துளை கிழக்கே 150, கிரிட் 3 அருகே" என்று எழுதவேண்டும். மாறிய இடத்தைச் சுற்றி வரையும் முகில் கோடு அதே இடத்தில் இருக்கவேண்டும். அடுத்த ரிவிஷனில் பழைய முகிலை அழித்துவிடுவோம், டேபிள் வரி நிற்கும்.

குறை ஒன்று இன்னும் தீரவில்லை. பெயரை ஷீட்டில் விட்டுவிட்டு மட்டக்களப்புக்கு லீவில் போகிறவர்கள் இருக்கிறார்கள். போன மாதமும் மூன்று நாள் `2214-A-105` அப்படித்தான் கிடந்தது.