புள்ளி விடுபட்ட கொழுந்துக் கணக்கு: நியம விலகலா, மேட்டா?

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்துக் கணக்கைக் கணினியில் ஏற்றிச் சரிபார்ப்பது என் வேலை. மடுவத்தில் தராசில் நிறுத்து, கணக்கப்பிள்ளை துண்டில் எழுதுவார். அந்தத் துண்டுகள் மாலையில் என் மேசைக்கு வரும். ஒரு நாள் ஒரு மலையில் கொழுந்து எடுத்த 9 பேரின் நிறை, கிலோவில், நான் ஏற்றிய பிறகு இப்படி இருந்தது:

15, 16, 17, 18, 19, 20, 21, 22, 195

கடைசி எண் 19.5 என்று இருக்க வேண்டியது. தட்டும்போது புள்ளி விடுபட்டுவிட்டது. ஒன்பது வரிதான் என்றால் கண்ணே பிடித்துவிடும். ஒரு ஆள் ஒரு நாளில் 195 கிலோ எடுக்க முடியாது என்று லயத்துப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மாதக் கடைசியில் ஆயிரக்கணக்கான வரிகளைக் கண்ணால் பார்க்க முடியாது. மலைவாரியாக, நாள்வாரியாகப் பிரித்து, ஒதுங்கி நிற்கும் எண்ணைத் தானாகக் காட்டும்படி ஒரு விதி போட வேண்டும். அந்த விதியை நியம விலகலில் கட்டுவதா, மேட்டில் கட்டுவதா என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன். நியம விலகலைத் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் திட்ட விலக்கம் என்பார்கள். மேட் என்பது மீடியன் அப்ஸலூட் டீவியேஷன் என்பதன் சுருக்கம். இரண்டும் எண்கள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்று சொல்லும் அளவைகள்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். சராசரியிலிருந்து மூன்று நியம விலகலுக்கு அப்பால் போனால் சிவப்பு அடி என்று வைத்தேன். மேலே உள்ள ஒன்பது எண்களின் சராசரி 38.1 கிலோ. 195ஐ எடுத்த ஆளைத் தவிர ஒருவரும் அந்தச் சராசரியை எட்டவில்லை. நியம விலகல் 58.9. சரியான 19.5ஐப் போட்டுப் பார்த்தால் அது வெறும் 2.3தான். ஒரே ஒரு புள்ளி விடுபட்டதில் பரவல் 25 மடங்குக்கு மேல் ஊதிவிட்டது. இனி எல்லையைப் பாருங்கள். மேலே 214.7 கிலோ வரை "சரி", கீழே கழித்தல் 138.5 கிலோ வரை "சரி". 195 எந்தச் சிவப்பும் இல்லாமல் உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

பிழை இன்னும் பெரிதாக இருந்தால் மாட்டியிருக்கும் என்று முதலில் நினைத்தேன். சோதிக்க 1950 என்று போட்டேன். அப்போதும் மாட்டவில்லை. பிறகுதான் காரணம் புரிந்தது. தவறான எண் தூரமாகப் போகப் போக, சராசரியையும் தன் பக்கம் இழுக்கிறது, அதே வேகத்தில் நியம விலகலையும் ஊதுகிறது. அதனால் ஓர் எண் சராசரியிலிருந்து எத்தனை நியம விலகல் தள்ளி நிற்க முடியும் என்பதற்கே ஒரு கூரை இருக்கிறது. n எண்கள் இருந்தால், n − 1 என்று வகுத்துக் கணக்கிடும் வழக்கமான நியம விலகலில், அந்தக் கூரை (n − 1)/√n. ஒன்பது பேருக்கு அது 8/3, அதாவது 2.67. நம்முடைய 195 நிற்பது 2.66இல், கூரையை முட்டிக்கொண்டு. பத்துப் பேருக்குக் கூரை 2.85, பதினொரு பேருக்குத்தான் 3.02 ஆகிறது. ஆகவே பத்துப் பேர் வரை உள்ள ஒரு குழுவில் "மூன்று நியம விலகல்" விதி எந்தப் பிழையையும் ஒருநாளும் பிடிக்காது. ஆயிரம் கிலோ என்றாலும் லட்சம் கிலோ என்றாலும் ஒன்றுதான். எல்லையை 2.5 ஆக இறக்கலாமே என்று கேட்கலாம். நானும் இறக்கிப் பார்த்தேன், இந்த 195 மாட்டியது.

ஆனால் அடுத்த சிக்கல் அங்கேதான் வந்தது. அதே தாளில் 16க்குப் பதில் 160 என்று இன்னொரு பிழையும் இருந்தால் என்ன ஆகும்? சராசரி 54.1, நியம விலகல் 70.5. இப்போது 195 நிற்பது 2.0இல். முன்பு 2.66இல் நின்றது, துணைக்கு இன்னொரு பிழை வந்ததும் உள்ளே நகர்ந்துவிட்டது. ஒன்று இன்னொன்றை மறைக்கிறது. மழை நாளில் அவசரமாக எழுதிய துண்டுகளில் பிழை ஒன்றோடு நிற்பதே இல்லை, அதனால் இது எனக்கு ஏட்டுப் பிரச்சினை இல்லை.

இப்போது மேட். வழி இரண்டே படி. எண்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை, அதாவது இடையத்தை எடுங்கள். ஒன்பதில் ஐந்தாவது, 19. பிறகு ஒவ்வொரு எண்ணும் 19இலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று, கூட்டல் கழித்தல் குறியை விட்டுவிட்டு எழுதுங்கள்: 4, 3, 2, 1, 0, 1, 2, 3, 176. அந்தத் தூரங்களையும் வரிசைப்படுத்துங்கள்: 0, 1, 1, 2, 2, 3, 3, 4, 176. அதன் நடு எண் 2. அதுதான் மேட், 2 கிலோ.

இனி பிழையில்லாத தாளில், 195க்குப் பதில் 19.5 போட்டுச் செய்யுங்கள். இடையம் 19தான், மேட்டும் 2தான். இரண்டு பிழை உள்ள தாளில் இடையம் 20 ஆகிறது, மேட் அப்போதும் 2. காரணம் எளிது. 176 என்ற தூரம் வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது, எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. நியம விலகலோ அந்த 176 போன்ற தூரத்தை இருபடியாக்கிக் கூட்டுகிறது. ஒன்பதில் நான்கு எண்கள் கெட்டாலும் மேட் எல்லையில்லாமல் ஓடிவிடாது. ஐந்து கெட்டால்தான் விழும். நியம விலகலை ஒரே எண் வீழ்த்திவிடும்.

சரி, எல்லையை எப்படி வைப்பது? மேட்டை அப்படியே நியம விலகலின் இடத்தில் போட முடியாது, ஏனென்றால் மணி வடிவப் பரவலில் மேட் நியம விலகலில் சுமார் 0.6745 பங்குதான். அதனால் 1.4826ஆல் பெருக்க வேண்டும். நம் தாளில் 2 × 1.4826, சுமார் 2.97. இடையத்திலிருந்து இதில் 3.5 மடங்குக்கு அப்பால் போனால் சந்தேகப்படு என்பது பரவலாகப் புழங்கும் விதி. 3.5 × 2.97, சுமார் 10.4. ஆகவே 8.6 கிலோவிலிருந்து 29.4 கிலோ வரை கேள்வி இல்லை. 195 நிற்பது 59 மடங்கில்.

எக்ஸெலில் இதற்கென்று தனிச் சார்பு இல்லை, இப்படி எழுதிக்கொள்ளலாம்:

```
=MEDIAN(ABS(B2:B10-MEDIAN(B2:B10)))
```

பழைய எக்ஸெல் என்றால் Enter மட்டும் போதாது, Ctrl+Shift+Enter அழுத்த வேண்டும். AVEDEV என்று ஒன்று இருக்கிறதே என்று அதை எடுத்துவிடாதீர்கள். அது சராசரியிலிருந்து உள்ள தூரங்களின் சராசரி, மேட் அல்ல. நம் தாளுக்கு அது 34.9 காட்டும், அதாவது அதுவும் ஊதிப்போகும். இன்னொரு இடத்தில் நான் ஒரு வாரம் குழம்பினேன். ஆர் மொழியின் `mad()` 1.4826ஆல் பெருக்கியே விடை தரும், 2.9652 என்று. பைத்தனில் `scipy.stats.median_abs_deviation` பெருக்காமல் 2 என்று தரும், `scale='normal'` என்று சொன்னால்தான் பெருக்கும். ஒருவர் ஒன்றிலும் இன்னொருவர் மற்றதிலும் எல்லை போட்டால் ஒரே தாளில் வெவ்வேறு வரிகள் சிவக்கும்.

வரிசைப்படுத்திய எண்களின் நடுப் பாதி எவ்வளவு அகலம் என்று பார்க்கும் காலணையிடை வீச்சும் ஒரு போட்டியாளர்தான். வரைந்து காட்டுவதற்கு நல்லது, ஆனால் அது கால் பங்குப் பிழையைத்தான் தாங்கும். ஒன்பது பேரில் மூன்று பேரின் நிறை மேல்நோக்கிக் கெட்டால் மேல் காலணையே ஒரு பிழை எண்ணாகிவிடும். என் வேலைக்கு மேட் போதும்.

மேட் விழுந்த இடமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் ஒருவர் ஒரு நாளில் எடுக்க வேண்டிய நோர்ம் 18 கிலோ என்றிருந்த காலத்தில், கொழுந்து குறைந்த மாதங்களில் நோர்மை எட்டியதும் பலர் நிறுத்திவிடுவார்கள். தாளில் ஒன்பதில் ஐந்து பேருக்கு 18 என்று வந்துவிடும். இடையம் 18, தூரங்களில் ஐந்து பூச்சியம், ஆகவே மேட்டும் பூச்சியம். அப்போது 18.5 எடுத்தவர்கூடப் பிழை என்று சிவக்கிறார். பரவலே இல்லை என்று மேட் சொல்வதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. பாதிக்கு மேல் ஒரே எண் என்றுதான் அது சொல்கிறது. மேட் 0.5 கிலோவுக்குக் கீழே போனால் 0.5 என்றே எடுத்துக்கொள் என்று நான் ஒரு தரை போட்டிருக்கிறேன். எங்கள் தராசு காட்டும் மிகச் சிறிய அளவு அது, அதனால் அந்த எண்.

மழைக் கணக்குக்கு இந்த விதியைக் கொண்டுபோகவே கூடாது. நுவரெலியாப் பக்கம் ஆண்டின் முதல் மாதங்களில் பாதி நாளுக்கு மேல் மழையே இல்லாமல் போகலாம். அந்த மாதத்தின் மேட் பூச்சியமாகி, பெய்த மழை அத்தனையும் "ஒதுங்கிய எண்" ஆகிவிடும். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது கனமழைக்குப் பிறகுதான். அப்படியொரு மழை மற்ற நாட்களிலிருந்து ஒதுங்கி நிற்கும் எண்தான், ஆனால் பார்க்க வேண்டியதே அந்த எண்ணைத்தான். அங்கே அதைப் பொருட்படுத்தாத அளவை நமக்குத் தேவையில்லை.

தாள் சுத்தம் என்று உறுதியாகத் தெரிந்தால் நியம விலகலே மேல். மணி வடிவப் பரவலில் மேட்டின் திறன் 37 சதவீதம்தான். நியம விலகல் 100 வரியில் தரும் துல்லியத்துக்கு மேட்டுக்குச் சுமார் 270 வரி வேண்டும். நம் ஒன்பது பேரின் சரியான தாளிலேயே பாருங்கள், நியம விலகல் 2.3, பெருக்கிய மேட் 2.97. அதனால் நான் இரண்டையும் வைத்திருக்கிறேன். முதலில் மேட்டில் சந்தேக வரிகளைப் பிடிப்பேன், துண்டைப் பார்த்துத் திருத்துவேன், அப்புறம்தான் மலைகளை ஒப்பிட நியம விலகல் எடுப்பேன்.

துண்டைப் பார்த்து என்று சொன்னேன், அழித்து என்று சொல்லவில்லை. போன மாதம் ஒரு வரி 7 கிலோ என்று சிவந்தது. எல்லை 8.6. புள்ளி தவறியதாக இருக்கும் என்று நினைத்தேன். கணக்கப்பிள்ளையிடம் கேட்டேன். "இல்ல தம்பி, அந்த அக்காவுக்குக் காய்ச்சல், பத்து மணிக்கே லயத்துக்குப் போயிட்டாங்க. அரைப்பேர் போட்டிருக்கேன், பாருங்க" என்றார். துண்டிலும் 7தான், சம்பளப் பதிவேடான செக்ரோலிலும் அரைப்பேர், அதாவது அரை நாள் வேலை என்று இருந்தது. வரியை அழித்திருந்தால் அந்த அரைப்பேரும் போயிருக்கும். இப்போது சிவந்த வரிக்குப் பக்கத்தில் காரணம் எழுத ஒரு நெடுவரிசை சேர்த்திருக்கிறேன். அந்த வரியில் "காய்ச்சல், அரைப்பேர், 7 சரி" என்று இருக்கிறது.