வாயைச் சுற்றிய கருமை, கழுத்துக் கருமை: தோலைத் தொடாமல் நிறத்தை மட்டும் நகர்த்திய ஆறு வருட அனுபவம்

கோபியில் வீட்டிலிருந்தபடியே ஈரோடு, பெருந்துறை, காங்கேயம் பக்கத்து ஸ்டூடியோக்களுக்குக் கல்யாண ஆல்பம் ரீடச் செய்து கொடுக்கிறேன். முகூர்த்த மாதங்களில் என்னிடம் வரும் படங்களில் பாதிக்கு ஒரே குறிப்புதான் இருக்கும்: 'வாய் ஓரம் கருப்பு, கழுத்துக் கருப்பு, சரி பண்ணவும்.' ஆறு வருடமாக இதற்கு ஒரே முறையைத்தான் பயன்படுத்துகிறேன். தோலின் துளைகளையும் வரிகளையும் தொடுவதில்லை. நிறத்தையும், தேவைப்பட்டால் கொஞ்சம் வெளிச்சத்தையும் மட்டும் நகர்த்துகிறேன்.

இதற்கு வந்து சேர்ந்ததே ஒரு வருத்தத்தால்தான். ஆரம்பத்தில் எல்லோரையும் போல மழமழப்பாக்கும் பிளக்-இன்தான் போட்டேன். மூன்று நிமிடத்தில் ஒரு முகம் முடியும். ஒருமுறை ஆல்பத்தைப் பார்த்த மணப்பெண் போனில் கூப்பிட்டு, "நல்லாத்தான் இருக்குதுங்க்கா, ஆனா அது எங்கம்மா மாதிரியே இல்லீங்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உதட்டு ஓரத்துச் சின்ன வரிகள், மேல் உதட்டுக்கு மேலே இருக்கும் பூனை முடி, தாடையில் இருந்த அம்மைத் தழும்பு எல்லாமே போயிருந்தன. கருமையோடு சேர்த்து அந்த அம்மாவையும் அழித்திருந்தேன். அடுத்த வாரமே பிளக்-இன்னைக் கழற்றிவிட்டேன்.

முறை எப்படி என்பதை ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன். பெருந்துறைப் பக்கம் ஒரு மண்டபம், விடிகாலை முகூர்த்தம். மணப்பெண்ணின் அம்மா அரக்குப் பட்டுச் சேலையில் இருக்கிறார், எதிரே எல்.இ.டி. விளக்கு. மஞ்சள் பூசிக் குளித்த முகம், இவருக்கும் தாடையில் ஒரு அம்மைத் தழும்பு. காபி குடித்துத் துடைத்ததில் வாயைச் சுற்றி மட்டும் மஞ்சள் போய்விட்டது. அங்கே ஏற்கெனவே இருந்த லேசான கருமை இரண்டு பங்காகத் தெரிந்தது. கழுத்தில் சங்கிலிக்கு மேலே இன்னொரு கருமை.

கண்ணுக்கு இரண்டும் 'கருப்பு' என்றுதான் படும். ஆனால் கண்ணை நம்பி ஆரம்பித்தால் தப்பாகிவிடும். போட்டோஷாப்பில் Color Sampler Tool எடுத்து, Sample Size-ஐ 11 by 11 Average என்று வைத்து, கன்னத்தில் ஒரு புள்ளி, வாய் ஓரத்தில் ஒன்று, கழுத்தில் ஒன்று போடுவேன். Info பலகையில் அளவை Lab-க்கு மாற்றிவிடுவேன். L என்பது வெளிச்சம். a கூடினால் சிவப்பு, b கூடினால் மஞ்சள். அந்தப் படத்தில் கன்னம் L 64, a 15, b 27. வாய் ஓரம் L 54, a 14, b 19. கழுத்து L 49, a 21, b 22.

இந்த எண்களிலேயே வேலை முழுவதும் எழுதியிருக்கிறது. வாயைச் சுற்றி வெளிச்சம் குறைவு என்பது பாதிக் கதைதான். அங்கே மஞ்சள் எட்டுப் புள்ளி குறைகிறது, அதனால்தான் சாம்பல் பூத்த மாதிரி தெரிகிறது. கழுத்தில் பிரச்சினையே வேறு. அரக்குச் சேலையில் பட்ட வெளிச்சம் தெறித்துக் கழுத்தில் சிவப்பு ஏறியிருக்கிறது. இரண்டுக்கும் ஒரே லேயர் போட்டால் ஒன்று சரியாகும், மற்றது கெடும்.

நான் முதலில் நிறத்தைத்தான் தொடுவேன், வெளிச்சத்தை அப்புறம். இந்த வரிசையைக் கண்டுகொள்ள எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. முன்னெல்லாம் முதலில் வெளிச்சத்தை ஏற்றுவேன். நிறம் மாறாமல் வெளிச்சம் மட்டும் ஏறினால் தோல் வெளிறிப்போய், விபூதி தூவியது போலாகிவிடும். நிறத்தை முதலில் சரி செய்தால் கருமையில் பாதி அங்கேயே போய்விடும். கண் சாம்பலைத்தான் கருப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

ஒரு Curves லேயர் போட்டு, அதன் கலப்பு முறையை Color என்று மாற்றுவேன். இந்த முறையில் அடியில் இருக்கும் வெளிச்சம் அப்படியே நிற்கும், நிறம் மட்டும் நகரும். தோலின் துளையும் வரியும் கண்ணுக்குத் தெரிவது சின்னச் சின்ன வெளிச்ச வித்தியாசங்களால்தான் என்பதால், அவை அசைவதில்லை. Curves-ல் அளவு 0 முதல் 255 வரை. Blue வரிசையில் 100 இருந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்து 88 வரை இறக்கினேன். நீலம் இறங்கினால் மஞ்சள் ஏறும். லேயர் எங்கே மட்டும் பட வேண்டும் என்று காட்டும் மாஸ்க்கை Ctrl+I போட்டுக் கருப்பாக்கி, ஓரம் மென்மையான வெள்ளைப் பிரஷ்ஷை Flow 4% வைத்து வாயைச் சுற்றி மெதுவாகத் தடவினேன். உதட்டின் மேல் ஏறக் கூடாது. ஏறினால் உதடு பழுத்த இலை நிறத்துக்குப் போகும். வாய் ஓரம் b 25 வந்ததும் நிறுத்திவிட்டேன்.

இதற்கு வெற்று லேயரை Color முறையில் வைத்து, கன்னத்து நிறத்தை எடுத்துப் பூசுபவர்கள் உண்டு. நானும் பூசியிருக்கிறேன். வேகமாக முடியும், துளைகளும் அப்படியே இருக்கும். ஆனாலும் முகம் மாவு அப்பியது போலிருக்கும். உண்மையான தோலில் மூக்கோரம் கொஞ்சம் சிவந்திருக்கும், தாடை கொஞ்சம் மஞ்சளாக இருக்கும். பூசும்போது இந்த வித்தியாசமெல்லாம் ஒரே நிறமாகிவிடுகிறது. Curves அந்த இடத்தின் நிறங்கள் அனைத்தையும் ஒரே பக்கம் நகர்த்துகிறது, அவற்றுக்குள் இருந்த வித்தியாசம் கூடவே வருகிறது. மற்றதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும், இந்த ஒரு தேர்வில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்புறம் வெளிச்சம். இன்னொரு Curves லேயர், இது Luminosity முறையில். புள்ளியை எங்கே வைக்கிறோம் என்பது இங்கே முக்கியம். கோட்டை ஒரு புள்ளியில் தூக்கினால் அந்தப் புள்ளிக்குக் கீழே கோடு செங்குத்தாகும், மேலே படுத்துவிடும். கோடு படுத்த இடத்தில் துளைகள் மங்கி, தோல் பால் ஊற்றியது போலாகும். அதனால் கருமையின் நடுவில் புள்ளி வைக்காமல், அதன் மேல் எல்லையில் வைக்க வேண்டும். Curves அளவில் இந்த அம்மாவின் வாய் ஓரம் 105 முதல் 145 வரை இருந்தது. 145-ல் புள்ளி வைத்து 156-க்குத் தூக்கினேன். கருமை முழுவதும் செங்குத்தான பக்கம் வந்ததால் துளைகள் இன்னும் தெளிவாகவே நின்றன.

பூனை முடி மட்டும் இங்கே தொந்தரவு கொடுக்கும். வெளிச்சம் ஏறினால் முடியும் சேர்ந்து சாம்பலாகும். ஆண்களுக்குச் சவரம் செய்த தாடையில் இது இன்னும் மோசம். லேயரை இரட்டைக் கிளிக் செய்து, Blend If பகுதியில் Underlying Layer-ன் கருப்பு முக்கோணத்தை Alt அழுத்தி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை 60-லும் மறு பாதியை 95-லும் வைத்தால், முடியின் கருமை அப்படியே விடப்படும்.

வாய் ஓரத்தை L 58-ல் நிறுத்தினேன். கன்னம் 64. பத்துப் புள்ளி வித்தியாசத்தை ஆறாக்கினேன், அவ்வளவுதான். 62 வரை தூக்கிப் பார்த்தேன். மூக்கிலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பு மறைந்து, சிரிப்பே மாறிப்போனது. அந்த அம்மா சிரிக்கும்போது அந்த மடிப்பில்தான் சிரிப்பு இருக்கிறது.

கழுத்துக்குத் தனி லேயர். Color முறையிலேயே Red வரிசையில் 150-ஐ 141-க்கு இறக்கியதும் a 17-க்கு வந்தது. வெளிச்சம் L 52 வரைதான். தாடையின் நிழல் விழும் இடம் முகத்தை விடக் கொஞ்சம் இருட்டாக இருந்தால்தான் தலை கழுத்தின் மேல் நிற்கும். இங்கே பழைய தவறு ஒன்று ஞாபகம் வருகிறது. முதல் வருடம் சங்கிலியையும் சேர்த்து மாஸ்க் அடித்து, தங்கம் பச்சை கலந்து பித்தளை போல அச்சாகி வந்துவிட்டது. சிவப்பை இறக்கினால் தங்கம் உடனே காட்டிக்கொடுக்கும். இப்போதெல்லாம் சங்கிலி, மஞ்சள் கயிறு இரண்டையும் மாஸ்க்கிலிருந்து முதலிலேயே வெட்டிவிடுகிறேன்.

எல்லாம் முடிந்ததும் மேலே ஒரு 50% சாம்பல் லேயரை Color முறையில் போட்டுப் பார்ப்பேன். படம் கருப்பு வெள்ளையாகி வெளிச்சம் மட்டும் தெரியும். வாயைச் சுற்றி வெள்ளை வளையம் இருந்தால் அதில் மறையவே மறையாது. வளையம் இருந்தால் Properties-ல் மாஸ்க்கின் Feather-ஐக் கூட்டுவேன். அந்தப் படத்தில் 18 பிக்சல் போதுமாக இருந்தது.

இந்த முறைக்கு எட்டாத இடங்களும் உண்டு. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் இதைச் செய்யாதீர்கள். ஜேபெக் பெரும்பாலும் நிறத்தை வெளிச்சத்தை விடக் குறைந்த நுணுக்கத்தில்தான் சேமிக்கும். வாட்ஸ்அப் அதை இன்னும் நசுக்கிவிடும். நிறத்தை நகர்த்தியதும் தோலில் சின்னச் சின்னக் கட்டங்கள் எழும்பும். ரா கோப்பை வாங்கி, 16 பிட்டில் வேலை செய்ய வேண்டும். இன்னொன்று, சிலருக்குப் பின்கழுத்துத் தோல் வெல்வெட் போலத் தடித்துக் கருத்திருக்கும். உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு இப்படி வருவதுண்டு. அங்கே கருமையோடு தடித்த வரிகளின் நிழலும் சேர்ந்திருக்கும். நிறத்தை எவ்வளவு நகர்த்தினாலும் வரி போகாது. அந்தப் படங்களில் சிவப்பை மட்டும் இறக்கிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

நேரம்தான் இதன் பெரிய விலை. ஒரு முகத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. அதனால் முழுப் பக்கம் வரும் படங்களுக்கு மட்டுமே இதைச் செய்கிறேன். கூட்டமாக நிற்கும் படங்களுக்கு 2023 அக்டோபரில் லைட்ரூமில் வந்த Point Color போதும். முகத்துக்கு மாஸ்க் போட்டு, வாய் ஓரத்து நிறத்தை எடுத்து, Hue-வைக் கொஞ்சம் மஞ்சள் பக்கம் தள்ளி, Luminance-ஐ லேசாக ஏற்றுவேன். மாஸ்க் இல்லாமல் செய்தால் மண்டபத்து மரத் தூணும் கூடவே நிறம் மாறும்.

அந்த அம்மாவின் படம் 12×36 ஆல்பத்தில் இடது பக்கம் முழுவதும் வந்தது. அச்சானதை வாங்கப் போனபோது ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அம்மைத் தழும்பு தாடையில் இருந்தது. வாயோரத்தில் சாம்பல் இல்லை, லேசான நிழல் மட்டும் இருந்தது. மகளுக்குப் போன் போட்டு, அம்மா பார்த்தாங்களா என்று கேட்டேன். "பார்த்தாங்க்கா. ஒன்னுமே சொல்லலீங், சித்தியைக் கூப்பிட்டுக் காட்டீட்டு இருக்காங்" என்றாள்.