சி.ஓ.டி.: குடுவையில் கொதிக்க வைப்பதா, குப்பியில் போட்டு எடுப்பதா?

கடலூர் பக்கம் கெமிஸ்ட் வேலைக்கு வருகிற பத்து பயோடேட்டாவைப் பார்த்தால் எட்டில் "சி.ஓ.டி., பி.ஓ.டி. அனாலிசிஸ் தெரியும்" என்று ஒற்றை வரி இருக்கும். இரண்டும் கழிவுநீரில் இருக்கிற கரிமப் பொருளை, அதை எரிக்கத் தேவையான ஆக்சிஜன் கணக்கில் அளக்கிற டெஸ்ட், சி.ஓ.டி. வேதிப்பொருளை வைத்து, பி.ஓ.டி. நுண்ணுயிரை வைத்து. எந்த முறையில் செய்தீர்கள் என்று அதில் இருக்காது. நான் நேர்காணலில் முதலில் கேட்பதே அதைத்தான், ஏனென்றால் சி.ஓ.டி. என்பது ஒரு டெஸ்ட் போலத் தெரிந்தாலும் லேபில் அது இரண்டு வேறு வேலை. ஒன்று திறந்த ரிஃப்ளக்ஸ், அதாவது குடுவையில் கண்டென்சர் மாட்டி இரண்டு மணி நேரம் கொதிக்க வைத்து, பியூரெட்டில் டைட்ரேட் பண்ணுவது. இன்னொன்று மூடிய ரிஃப்ளக்ஸ், திருகு மூடி போட்ட சின்னக் கண்ணாடிக் குப்பியை டைஜஸ்டர் பிளாக்கில் 150 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறியதும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் நிறத்தைப் படிப்பது. இரண்டிலும் நடக்கிற வேதியியல் ஒன்றேதான். பொட்டாசியம் டைகுரோமேட் கந்தக அமிலத்தில் சாம்பிளின் கரிமப் பொருளை எரிக்கிறது, எவ்வளவு டைகுரோமேட் செலவானது என்பதை ஆக்சிஜன் கணக்கில் சொல்கிறோம். இருந்தும் எங்கள் ஊர்த் தண்ணீரில் இரண்டும் வேறு வேறு எண் சொல்லும். காரணம் உப்பு.

சிப்காட் தொழிற்பேட்டை உப்பனாற்றுக் கரையில் இருக்கிறது. கடல் பக்கம், ஆற்றில் கடல் நீர் ஏறுகிற இடம், பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு. அதோடு மருந்து, சாய இடைப்பொருள் செய்கிற யூனிட்களின் கழிவுநீரில் ரியாக்ஷனிலேயே உப்பு உண்டாகி வருகிறது. டைகுரோமேட்டுக்கு இது கரிமப் பொருள், இது குளோரைடு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது, குளோரைடையும் ஆக்சிஜனேற்றி குளோரின் ஆக்கிவிடும். கணக்குப்படி 1 மில்லிகிராம் குளோரைடு முழுக்க எரிந்தால் 0.226 மில்லிகிராம் பொய் சி.ஓ.டி. வரும். இதைத் தடுக்கத்தான் மெர்குரிக் சல்ஃபேட் போடுகிறோம், பாதரசம் குளோரைடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எடையில் குளோரைடைப் போல பத்து மடங்கு போட வேண்டும். 20 மில்லி சாம்பிளுக்கு வழக்கமாகப் போடுகிற 0.4 கிராம், 40 மில்லிகிராம் குளோரைடைத்தான் தாங்கும், அதாவது லிட்டருக்கு 2000 மில்லிகிராம் வரை. குப்பியிலும் அதே விகிதம்தான்: 2.5 மில்லி சாம்பிள், 50 மில்லிகிராம் மெர்குரிக் சல்ஃபேட், அதே 2000 எல்லை. அதனால் "குப்பியில் உப்பு தாங்காது, குடுவையில் தாங்கும்" என்று சிலர் சொல்வது சரியில்லை. குடுவையில் நாம் அளவை மாற்றலாம், கடையில் வாங்கிய குப்பியில் உள்ளே இருப்பது அவ்வளவுதான். வித்தியாசம் அதில் இருக்கிறது.

ஒரு சாம்பிளை வைத்துச் சொல்கிறேன். ஒரு யூனிட்டின் சுத்திகரித்த கழிவுநீர், வெளியே விட சி.ஓ.டி. வரம்பு லிட்டருக்கு 250 மில்லிகிராம். ஜூனியர் பொண்ணு வந்து, "அக்கா, குப்பியில 430 காட்டுது, குடுவையில 380 வருது, எதை எழுதறது?" என்று கேட்டாள். இரண்டையும் எழுதாதே என்றேன். குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் அடியில் வெள்ளையாகப் பால் கலந்தது போல ஒரு கலங்கல். அது சில்வர் குளோரைடு. வினையூக்கியாகப் போட்ட சில்வர் சல்ஃபேட், பாதரசம் பிடிக்காமல் விட்ட குளோரைடோடு சேர்ந்து படிந்திருக்கிறது. 600 நானோமீட்டரில் படிக்கும்போது மெஷினுக்கு அந்தக் கலங்கலும் நிறம்தான், அதனால் எண் இன்னும் ஏறிவிடுகிறது. குடுவையில் டைட்ரேஷனுக்குக் கலங்கல் ஒரு பொருட்டில்லை, ஃபெரோயின் இண்டிகேட்டர் நீலப்பச்சையிலிருந்து செம்பழுப்புக்குத் திரும்புவது கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் 430 இல்லாமல் 380. ஆனால் அந்த 380-உம் உண்மை இல்லை.

மோர் டைட்ரேஷனில் குளோரைடு பார்த்தோம், 4200. தாங்குவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். சரி, இனி நீர்த்துப் பார்க்க வேண்டியதுதான். கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான், இருந்தாலும் கீழே வருகிற எண்களைச் சரிபார்க்க வசதியாக இருக்கும்:

```
COD (mg/L) = (A - B) × N × 8000 / V
```

`A` சாம்பிளுக்குப் பதில் வெறும் தண்ணீர் வைத்த பிளாங்க்கில் மிஞ்சிய டைகுரோமேட்டை டைட்ரேட் பண்ண ஆன ஃபெரஸ் அமோனியம் சல்ஃபேட், `B` சாம்பிளுக்கு ஆனது, `N` அதன் நார்மாலிட்டி, `V` சாம்பிள் மில்லி. அன்று பிளாங்க் 24.8 மில்லி, நார்மாலிட்டி 0.1, சாம்பிள் 20 மில்லி. நீர்க்காத சாம்பிள் 15.3, அதுதான் 380. மூன்று மடங்கு நீர்த்தபோது குளோரைடு 1400 ஆகிறது, டைட்ரேஷன் 22.9, கணக்கில் 76, மூன்றால் பெருக்கினால் 228. இதை மட்டும் நம்பாமல் ஐந்து மடங்கும் நீர்த்தோம்: 23.65, கணக்கில் 46, பெருக்கினால் 230. இரண்டு நீர்ப்புகளும் ஒரே இடத்தில் வந்து நின்றால் குளோரைடின் தொல்லை போய்விட்டது என்று அர்த்தம். நீர்க்க நீர்க்க எண் இறங்கிக்கொண்டே போனால் இன்னும் போகவில்லை.

அப்புறம் ஒரு சோதனை, இதை நிறைய பேர் செய்வதில்லை. கரிமப் பொருளே இல்லாத வெறும் உப்புத் தண்ணீரை அதே குளோரைடு அளவில் தயார் பண்ணி சாம்பிள் போலவே கொதிக்க வைப்பது. லிட்டருக்கு 1.648 கிராம் சோடியம் குளோரைடு போட்டால் 1000 மில்லிகிராம் குளோரைடு, 4200-க்கு 6.92 கிராம். அந்த வெறும் உப்புத் தண்ணீர் 140 சி.ஓ.டி. காட்டியது! மூன்று மடங்கு நீர்த்தபோது பிளாங்க்கிலிருந்து 0.1 மில்லிதான் வித்தியாசம். 380-க்கும் 228-க்கும் நடுவில் இருந்த 152 எங்கிருந்து வந்தது என்பது அதோடு தெளிவாகிவிட்டது. ஒரு யூனிட் வரம்பை மீறியதா இல்லையா என்பதே மாறிப்போகிற அளவு அது.

ஆனால் நீர்ப்புக்கும் ஒரு விலை இருக்கிறது. பியூரெட்டில் ஒரு சொட்டு 0.05 மில்லி என்று வைத்தால், நீர்க்காதபோது அது 2 மில்லிகிராம், ஐந்து மடங்கு நீர்த்தால் 10. சி.ஓ.டி. 230 இருக்கும்போது பரவாயில்லை. உண்மையான சி.ஓ.டி. 60 இருக்கிற உப்புத் தண்ணீரில் ஐந்து மடங்கு நீர்த்தால் நாம் அளப்பது வெறும் ஆறு சொட்டு. அப்போது நீர்ப்பதை விட குடுவையில் மெர்குரிக் சல்ஃபேட்டைக் கூட்டுவதுதான் வழி (4200-க்கு 0.84 கிராம்). அது முறையிலிருந்து விலகல் என்பதால் ரெக்கார்டில் எழுத வேண்டும், வேலை செய்கிறது என்று உப்புத் தண்ணீர் சோதனையால் காட்டவும் வேண்டும்.

சரி, அப்படியானால் குப்பி எதற்கு? நான் குப்பிக்கு எதிரி இல்லை. சுத்திகரிப்பு நிலையத்துக்குள்ளே இன்லெட், ஏரேஷன் டேங்க், அவுட்லெட் என்று தினமும் இருபது சாம்பிள் வந்தால் கண்டென்சருக்குக் குழாய்த் தண்ணீர் ஓட விட்டுக்கொண்டு குடுவையில் செய்து மாளாது. டைஜஸ்டரில் ஒரே தடவையில் இருபத்தைந்து குப்பி. கரைப்பான் கலந்த கழிவுநீரில் எனக்குக் குப்பிதான் பிடிக்கும், மூடி இறுக்கமாக இருப்பதால் ஆவியாகிற பொருள் டைகுரோமேட்டோடு கூடவே இருந்து எரிகிறது, குடுவையில் மேலே ஏறி கண்டென்சரில் நின்றுவிடும். (பிரிடின் இருந்தால் இரண்டிலும் சரியாக எரியாது, மருந்து யூனிட் சாம்பிளில் இதை மறக்கக் கூடாது.) பாதரசமும் குறைவு. குடுவை ஒன்றுக்கு சுமார் 0.27 கிராம் பாதரசம் கழிவாகிறது, குப்பிக்கு 0.034 கிராம், எட்டில் ஒரு பங்கு. இரண்டையும் சிங்க்கில் ஊற்றக் கூடாது, தனிக் கேனில் சேர்த்து அபாயகரக் கழிவாக அனுப்ப வேண்டும்.

குப்பி ஏமாற்றுகிற இடம் திடப்பொருள். ஏரேஷன் டேங்க் தண்ணீரில் மிதக்கிற ஸ்லட்ஜ் ஒரு கட்டி 2.5 மில்லிக்குள் வந்தால் ஒரு எண், வராவிட்டால் வேறு எண். ஹோமோஜெனைசரில் அடித்து, நுனி அகலமான பிப்பெட்டில் எடுக்க வேண்டும். டூப்ளிகேட் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் மெஷினைத் திட்டாமல் முதலில் பிப்பெட் நுனியைப் பாருங்கள். இன்னொன்று, நிறம் முழுப் பச்சையாகிவிட்டால் டைகுரோமேட் தீர்ந்துவிட்டது, திரையில் வருகிற எண் எதுவானாலும் செல்லாது, நீர்த்து மறுபடி போட வேண்டும். குடுவையிலும் அப்படித்தான்.

அங்கீகாரம் பக்கம் வருவோம். லேப்களின் திறனுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 தரநிலை இதில் எது நல்ல முறை என்று சொல்வதே இல்லை. நீங்கள் எடுத்த முறையை உங்கள் லேபில் சரியாகச் செய்ய முடிகிறது என்று காட்டச் சொல்கிறது, அளவீட்டு நிச்சயமின்மை எவ்வளவு என்று சொல்லச் சொல்கிறது. லேப்களுக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். கொடுக்கும் ஸ்கோப்பில் டெஸ்டின் பெயரோடு முறையும் எழுதியிருக்கும். அங்கே இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 3025 பகுதி 58-இன்படி டைட்ரேஷன் என்று இருந்தால், குப்பியில் படித்த எண்ணை அந்த முறையின் பெயரில் என்.ஏ.பி.எல். முத்திரையோடு கொடுக்க முடியாது, எண் எவ்வளவு சரியாக இருந்தாலும். ஆடிட்டில் விழுகிற குறைகளில் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்: ரிப்போர்ட்டில் ஒரு முறை, ரெக்கார்டில் வேறு மெஷினின் பிரிண்ட்.

இரண்டு முறைக்கும் தினச் சாட்சி ஒன்றுதான், பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட். உலர்த்தி 425 மில்லிகிராம் எடுத்து ஒரு லிட்டர் ஆக்கினால் சி.ஓ.டி. 500. ஒவ்வொரு தொகுதியிலும் ஒன்று போட்டு கண்ட்ரோல் சார்ட்டில் புள்ளி வைக்கிறோம். ஆனால் இந்த ஸ்டாண்டர்டில் உப்பே இல்லை. அது அழகாக 498 காட்டிக்கொண்டே இருக்க, பக்கத்துக் குடுவையில் சாம்பிள் 152 பொய் சொல்லிக்கொண்டிருக்கும். அதனால் உப்பு சாம்பிள் வருகிற நாளில் அதே அளவு உப்பு சேர்த்த ஒரு ஸ்டாண்டர்டும் கூடவே போடுகிறோம்.

அந்த 4200 சாம்பிளுக்குப் பிறகு எங்கள் பதிவேட்டில் சி.ஓ.டி.க்கு முன்னால் குளோரைடுக்கு ஒரு கட்டம் சேர்த்தோம். அது நிரம்பாமல் குடுவையோ குப்பியோ எடுக்கக் கூடாது. 2000-க்குக் கீழே, உள்வேலை சாம்பிள் என்றால் குப்பி, அதற்கு மேலே போனாலோ வெளியே போகிற ரிப்போர்ட் என்றாலோ குடுவை. இப்போது பயோடேட்டா எழுதுகிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன்: "சி.ஓ.டி. தெரியும்" என்பதை அடித்துவிட்டு, எந்த முறை, எவ்வளவு குளோரைடு வரை பார்த்திருக்கிறேன், அதற்கு மேல் வந்தபோது என்ன செய்தேன் என்று இரண்டு வரி எழுதுங்கள், நான் கேட்கப்போவது அதுதான்.