லெவினா, கோட்டரா? பால் சங்கத்தில் இரண்டையும் உரசிப் பார்த்த கதை

வெளிவாரியாக முகாமைத்துவம் படிக்கும் தம்பி ஒருவன் போன மாதம் பழைய வினாத்தாள் கட்டோடு வந்தான். புரட்டிப் பார்த்தால் ஒரே கேள்விதான் சட்டை மாற்றி மாற்றி வருகிறது. மாற்றத்துக்கு ஆட்கள் ஏன் எதிர்ப்புக் காட்டுகிறார்கள்? உறைநீக்கல், மாற்றல், மீளுறைதல் என்று லெவின் சொன்ன மூன்று படிகளையும் ஒரு நிறுவனத்தில் பொருத்திக் காட்டுக. “அண்ணை, லெவினை மட்டும் எழுதினால் காணுமோ, கோட்டரின்ர எட்டுப் படியையும் இழுக்கவோ?” என்று கேட்டான்.

பரந்தனுக்குக் கிழக்கே ஒரு சின்னப் பால் சங்கத்தில் நான் கணக்கும் கடிதமும் பார்க்கிறவன். அங்கே ஒரு மாற்றத்தைச் செய்யப் போய், முதல் தடவை கோட்டரைப் பிடித்து விழுந்து, இரண்டாம் தடவை லெவினைப் பிடித்து ஒருமாதிரி எழும்பினேன். ஆகவே நான் நடுவர் இல்லை. லெவின் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

படிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எந்தக் குறிப்புப் புத்தகத்திலும் இருப்பவைதான். குர்ட் லெவின் 1947 இல் எழுதியது மூன்று படி. பழைய பழக்கத்தை இளக்கு, புதிய நிலைக்கு நகர்த்து, அங்கே உறைய வை. ஜோன் கோட்டர் 1995 இல் கட்டுரையாகவும் 1996 இல் புத்தகமாகவும் தந்தது எட்டுப் படி. அவசர உணர்வை உண்டாக்கு, வழிநடத்தும் கூட்டணியைச் சேர், நோக்கை வகு, அதைப் பரப்பு, தடைகளை நீக்கு, குறுங்கால வெற்றிகளைக் காட்டு, விடாமல் தொடர், கடைசியாகப் பண்பாட்டில் ஊன்று. கோட்டருடைய முதல் நான்கும் இளக்குவதற்குள் அடங்கும், எட்டாவதுதான் உறைதல் என்று சொல்லிக் கடந்துபோகிறவர்கள் உண்டு. தாளுக்கு அது போதும். சங்கத்துக்குப் போதவில்லை.

நடந்தது இதுதான். சங்கம் நீண்ட காலமாகப் பாலைப் போத்தல் கணக்கில் வாங்கியது. யார் கொண்டுவந்தாலும் ஒரே விலை. ஆனால் எங்களிடம் வாங்கும் நிறுவனம் கொழுப்புக்கும் கொழுப்பற்ற திண்மத்துக்கும் பார்த்துத்தான் விலை போடும். யாராவது தண்ணீர் சேர்த்தால் அந்த நட்டம் எல்லாருடைய தலையிலும் விழும். எனவே ஒவ்வொருவருடைய பாலையும் தனித்தனியாகச் சோதித்து, தரத்துக்கு விலை கொடுப்பது என்று முடிவெடுத்தோம். “முடிவெடுத்தோம்” என்பது நிர்வாகக் குழுவில் ஐந்து பேர்.

கூட்டம் போட்டு, “இப்படியே போனால் சங்கம் மூடப்படும்” என்று அறிவித்தோம். கோட்டரின் முதல் படி, அவசர உணர்வு. ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை, தலையாட்டிக்கொண்டு போனார்கள். மறுகிழமை நாலு கான் பால் வந்த இடத்தில் இரண்டரைக் கான் வந்தது. மிச்சம் மோட்டார் சைக்கிளில் வந்து போத்தல் கணக்கில் கைக்காசு கொடுக்கும் வியாபாரிக்குப் போனது. எதிர்ப்பு வாயால் வருவதில்லை, கானில் தெரிகிறது.

ஏன் பலிக்கவில்லை என்று பிறகுதான் விளங்கியது. 2009 இல் மாடு கன்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு உயிரோடு மட்டும் வெளியே வந்து, திரும்பி வந்து ஒரு மாட்டில் தொடங்கியவர்களிடம் “மூழ்கப் போகிறோம்” என்று சொல்லி அவசரத்தை உண்டாக்க நாங்கள் யார்? அவர்களுடைய வாழ்க்கையைப் பிறர் போதுமான அளவு இளக்கிவிட்டார்கள். பயம் கூடினால் கையில் இருப்பதை இன்னும் இறுக்கிப் பிடிப்பதுதான் அவர்கள் படித்த பாடம். கோட்டரைக் குறை சொல்ல முடியாது. சொகுசாகப் பழகிப்போன பெரிய கம்பனிகளைப் பார்த்துத்தான் அவர் எழுதினார்.

லெவின் இந்த இடத்தில் வேறு மாதிரி யோசிக்கிறார். ஒரு பழக்கம் அசையாமல் நிற்பதற்குக் காரணம், தள்ளும் விசையும் தடுக்கும் விசையும் சமமாக இருப்பது. தள்ளுவதைக் கூட்டினாலும் நகரும், ஆனால் இறுக்கமும் கூடும். தடுப்பதைக் குறைத்தால் இறுக்கம் இல்லாமல் நகரும். அப்படியென்றால் முதல் வேலை, தடுப்பது எது என்று கண்டுபிடிப்பது.

இதில் ஒரு வேடிக்கை. அந்தத் தடைகளைப் பிரித்துப் பார்க்க எனக்குக் கைகொடுத்த பட்டியல் கோட்டருடையதுதான். எட்டுப் படிக்கு வெகுகாலம் முன்பு, 1979 இல், ஷ்லெசிங்கர் என்பவரோடு சேர்ந்து எதிர்ப்புக்கு நான்கு காரணம் எழுதினார். சொந்த நலன் பாதிப்பு, விளக்கக் குறைவும் நம்பிக்கையின்மையும், நிலைமையை வேறாக மதிப்பிடுதல், மாற்றத்தைத் தாங்கும் சக்தி குறைவு. நாலையும் எங்கள் வாசலிலேயே பார்த்தேன்.

சொந்த நலன் லேசில் விளங்கும். பிறீசியன் கலப்பு மாடு வைத்திருப்பவருக்குப் பால் அதிகம், கொழுப்புக் குறைவு. ஊர் மாடு வைத்திருப்பவருக்கு அதன் மறுதலை. தர விலை வந்தால் கடன்பட்டுக் கலப்பு மாடு வாங்கினவர்தான் அடிபடுவார். அவரிடம் விளக்கம் சொல்லிப் பயனில்லை, கணக்கு அவருக்கு நன்றாகவே விளங்கும். பேரம்தான் பேச வேண்டும். நம்பிக்கையின்மை இன்னொரு வகை. சோதனையை உள் அறையில் செய்து தாளில் இலக்கம் எழுதிக் கொடுத்தால், “அப்ப நான் தண்ணி கலந்தனான் எண்டு சொல்லுறியளோ?” என்று ஒரு அக்கா கேட்டார். அவருக்குக் காசு இரண்டாம் பட்சம், மானம்தான் பிரச்சினை. தாங்கும் சக்தி என்றால் எங்கள் பால் சேகரிக்கும் ஐயா. கண் பார்வை மங்கியவர். கண்ணாடிக் குழாயில் கோடு பார்த்து வாசிக்கச் சொன்னால் தன் வேலை போய்விடும் என்று உள்ளுக்குள் பயந்தார்.

மூன்றாவது காரணம்தான் என்னைத் திருத்தியது. ஒரு பெரியவர் சொன்னார்: “தம்பி, கடைசிப் பாலைக் கன்றுக்கு விடுகிறோம். கொழுப்பு அதிலைதானே இருக்குது. கன்றை வளர்க்கிறவன்தான் தோற்கப்போறான்.” அவர் சொன்னது முழுக்கச் சரி. கறவையின் கடைசியில் வரும் பாலில்தான் கொழுப்பு அதிகம். நாங்கள் “எதிர்ப்பு” என்று பெயர் வைத்தது, எங்களுக்குத் தெரியாத ஒரு தகவல். தாளில் இந்தக் காரணத்தை எழுதும்போது “தவறாக மதிப்பிடுதல்” என்று எழுதாதே என்று தம்பியிடம் சொன்னேன். வேறாக மதிப்பிடுகிறார்கள், அவ்வளவுதான். சில வேளை பிழை எங்கள் பக்கம் இருக்கும்.

இரண்டாம் முறை விலையைத் தொடவில்லை. ஒரு மாதம் பழைய விலையே கொடுத்தோம். சோதனையை மட்டும் வாசலில், எல்லாருக்கும் முன்னால் செய்தோம். ஆளாளுக்குச் சொந்தப் பாலில் தாங்களே தண்ணீர் விட்டு, பாலின் அடர்த்தியைக் காட்டும் லக்டோமீற்றரை மிதக்கவிட்டுப் பார்க்கலாம் என்றோம். 30 காட்டிய பாலில், கலவையில் பத்தில் ஒரு பங்கு தண்ணீராக இருந்தால் கிட்டத்தட்ட 27 க்கு இறங்கும். இரண்டு மூன்று பேர் விட்டுப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு இறுக்கம் பாதி போய்விட்டது. பிறகு விதியை அவர்களையே பேசவிட்டோம். ஒரு முலையைக் கன்றுக்கு விட்டுவிட்டு மற்ற மூன்றையும் கடைசி வரை கறப்பது என்றார்கள். கலப்பு மாட்டுக்காரருக்கு முதல் ஆறு மாதம் விலை குறிப்பிட்ட ஓர் அளவுக்குக் கீழே இறங்காது என்றும் அவர்களே வைத்தார்கள்.

இதற்கும் லெவினிடம் அடிப்படை இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க இல்லத்தரசிகளை இதயம், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்பு இறைச்சி சமைக்கவைக்க முயன்றார்கள். விரிவுரை கேட்டவர்களில் 3 வீதமானோர்தான் முன்பு சமைக்காத இறைச்சியைச் சமைத்தார்கள். குழுவாகப் பேசித் தாங்களே முடிவெடுத்தவர்களில் 32 வீதம். எங்கள் முதல் கூட்டம் விரிவுரை. இரண்டாவது குழு முடிவு.

இனி நான் லெவின் பக்கம் நிற்பதற்கு உண்மையான காரணம். மாணவர்கள் மீளுறைதலுக்கு ஒரு வரிதான் எழுதுகிறார்கள்: “புதிய நடைமுறையை நிலைப்படுத்தல்.” கோட்டரில் அது எட்டாவது படி. அங்கே போய்ச் சேருமுன் எல்லாருக்கும் களைப்பு வந்துவிடும். லெவினிடம் மூன்றில் ஒன்று, தவிர்க்கவே முடியாது.

தர விலை மூன்று மாதம் ஒழுங்காக ஓடியது. நான் உறவினர் கலியாணத்துக்காக மூன்று நாள் வவுனியாவில் நின்றேன். சோதிக்கத் தெரிந்தது எனக்கும் இன்னொரு பொடியனுக்கும் மட்டும், அவனுக்கும் காய்ச்சல். ஐயா என்ன செய்வார்? சுவரில் பழைய போத்தல் அளவு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது, பழைய கொப்பியும் லாச்சிக்குள் இருந்தது. அளந்தார், எழுதினார். நான் வந்த அன்று வரிசையில் நின்றவர்கள், “நேற்று மாதிரியே போடுங்கோவன்” என்றார்கள். மூன்று மாத வேலையை மூன்று நாள் கரைத்துவிட்டது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. திரும்பிப் போகும் வழி திறந்திருந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் உறைய வைத்தோம். போத்தல் அளவை எடுத்துவிட்டோம். கொழுப்புக்கென்று தனி நிரல் உள்ள பாஸ் புத்தகம் அடித்தோம். அந்த நிரல் வெறுமையாக இருந்தால் காசாளர் காசு கொடுக்க முடியாது. பொதுக்கூட்டத்தில் தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்கினோம். ஐயாவுக்கு மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுத்து வாசிக்கப் பழக்கினோம், இன்னும் இரண்டு பெண்பிள்ளைகளும் பழகினார்கள். உறைந்ததா என்று பார்க்க எனக்கு ஒரே சோதனைதான் தெரியும்: பொறுப்பானவர் இல்லாத நாளில் என்ன நடக்கிறது? அடுத்த தடவை வேண்டுமென்றே இரண்டு நாள் நிற்காமல் விட்டேன். நிரல் நிரம்பியிருந்தது.

கோட்டருக்கும் அவருடைய பங்கைக் கொடுக்க வேண்டும். முதல் சம்பள நாளில் ஊர் மாட்டுக்கார அம்மா ஒருவர் முன்பைவிடக் கூடக் காசு எண்ணியதை எல்லாரும் பார்த்தார்கள். கோட்டர் சொல்லும் குறுங்கால வெற்றி அதுதான், லெவினில் அதற்குத் தனி இடம் இல்லை. பல கிளைகள் உள்ள திணைக்களம், வங்கி என்றால் கூட்டணி சேர்க்கும் படி இல்லாமல் அசையவே முடியாது என்று அங்கே வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். நான் அறுபது பேருக்கு மேல் எதையும் மாற்றிப் பார்த்ததில்லை, அதனால் அந்தப் பக்கத்துக்கு என் சாட்சியைப் பெரிதாக எடுக்கவேண்டாம்.

லெவின் மீது வழக்கமாக வரும் குற்றச்சாட்டு, உறைய வைத்தால் அடுத்த மாற்றத்துக்கு அதுவே தடையாகும் என்பது. அதில் நியாயம் இருக்கிறது. கலப்பு மாட்டுக்காரருக்குக் கொடுத்த ஆறு மாதச் சலுகை முடிந்தபோது அதை எடுக்கப் பெரும்பாடு பட்டோம், அதுவும் சேர்ந்து உறைந்திருந்தது. முடியும் திகதியைப் பாஸ் புத்தகத்திலேயே அச்சடித்திருக்க வேண்டும்.

தம்பிக்கு இப்படிச் சொன்னேன். காரணங்களுக்கு 1979 ஆம் ஆண்டுக் கோட்டரை எழுது, ஒவ்வொரு காரணத்துக்கும் எதிரே அதற்குரிய மருந்தை எழுது. படிகளுக்கு லெவினை எழுது, மூன்றாவது படிக்கு மற்ற இரண்டுக்கும் கொடுக்கும் அளவு இடம் கொடு. எட்டுப் படியை நேரம் மிஞ்சினால் ஒரு பந்தியில் ஒப்பிடு. “உதாரணத்துக்கு எந்த நிறுவனம், அண்ணை?” என்றான். பால் சங்கத்தை எழுது என்றேன். போத்தல் அளவு தொங்கிய சுவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான், ஆணி மட்டும்தான் இருக்கிறது என்றான்.