அப்பத்தா படத்தை 20×30-இல் அச்சடித்து ஒன்றரை வருடம்: பிரிண்ட் கடைக்கு அனுப்பிய மெசேஜும் அதற்குக் கிடைத்த பலனும்

எங்கள் அப்பத்தாவுக்குத் தனியாக ஒரு போட்டோகூடக் கிடையாது. சித்தப்பா கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் நிற்பார். முகம் கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். அதை ஸ்கேன் செய்து, அத்தைகள் சொன்ன அடையாளங்களையும் சேர்த்து, ஏஐ-யில் ஒரு உருவப்படம் உருவாக்கினேன். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், அரக்கு நிறக் கண்டாங்கிச் சேலை, இரண்டு காதிலும் தண்டட்டி. இந்தப் படம் மதுரை வீட்டு ஹாலில் ஏறி ஒன்றரை வருடம் ஆகிறது.

இப்போது தொங்குவது இரண்டாவது பிரிண்ட். முதல் பிரிண்டுக்கு நான் கடைக்கு அனுப்பிய மெசேஜ் ஒரே வரி: "அண்ணே, இதைப் பெருசா, கிளியரா போட்டு ஃப்ரேம் பண்ணித் தாங்க." படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாகவே அனுப்பினேன். அவர்கள் ஃப்ளெக்ஸ் மெஷினில் வினைல் ஸ்டிக்கர் அடித்து, சன்போர்டு என்ற நுரை அட்டையில் ஒட்டி, கையிருப்பில் இருந்த 20×24 ஃப்ரேமுக்குள் பொருத்தித் தந்தார்கள். கொண்டையின் மேல்பாதியும் மடியில் இருந்த கைகளும் போய்விட்டன. முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. தண்டட்டி என்ன நகை என்றே தெரியவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் சன்போர்டு வளைந்து, ஸ்டிக்கரின் ஓரம் கிளம்பிவிட்டது. கடையை நான் குறை சொல்ல மாட்டேன். என்ன வேண்டும் என்று சொல்லவே இல்லையே.

இரண்டாவது முறை வேறு கடைக்கு இப்படி எழுதினேன்:

"வணக்கம் அண்ணே. ஒரு உருவப்படம் அச்சடித்து ஃப்ரேம் போட வேண்டும். கேமராவில் எடுத்தது இல்லை, ஏஐ-யில் உருவாக்கியது. ஃபைல் TIFF, 4096 × 6144 பிக்சல், கலர் புரொஃபைல் sRGB. படத்தின் அளவு 20×30 இன்ச். சுற்றிலும் 2 இன்ச் வெள்ளை விட்டு 24 இன்ச் ரோலில் போட்டுக்கொள்ளலாம். எந்தப் பக்கமும் வெட்ட வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். சிஎம்ஒய்கே-க்கு மாற்றாமல் உங்கள் பேப்பருக்கான புரொஃபைலிலேயே போடுங்கள். முகத்தை வெளுப்பாக்க வேண்டாம், ஷார்ப் பண்ண வேண்டாம். பிக்மென்ட் இங்க், பளபளப்பு இல்லாத மேட் போட்டோ பேப்பர், 230 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமல். முழுப் பிரிண்டுக்கு முன்னால் ஒரு கன்னம், தண்டட்டி, தோளில் சேலைக் கட்டம் மூன்றும் வருகிற மாதிரி 6×8 இன்ச் துண்டு ஒன்று, அசல் அளவிலேயே போட்டுக் காட்டுங்கள். ஃபைலை டிரைவ் லிங்க்காக அனுப்பியிருக்கிறேன்."

இதில் பிக்சல் கணக்குத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. ஏஐ எனக்குத் தந்த படம் 1024 × 1536 பிக்சல். அதை 20 இன்ச் அகலத்துக்கு விரித்தால் ஒரு இன்ச்சுக்கு 51 பிக்சல்தான் கிடைக்கும். ஃபைலின் விவரத்தில், ஒரு இன்ச்சுக்கு எத்தனை புள்ளி என்று சொல்லும் டிபிஐ 72 என்றோ 300 என்றோ எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. அது வெறும் குறிப்பு, யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். மொத்தப் பிக்சலை இன்ச்சால் வகுத்தால் வருவதுதான் உண்மையான எண். அதனால்தான் மெசேஜில் டிபிஐ பற்றியே பேசாமல் பிக்சலையும் இன்ச்சையும் மட்டும் எழுதினேன். பிக்சல் விஷயத்தில் கடைக்காரருக்கும் சந்தேகம் வரவில்லை.

எவ்வளவு இருந்தால் போதும் என்பது பார்க்கிற தூரத்தைப் பொறுத்தது. 3438 என்ற எண்ணை, பார்க்கிற தூரத்தால் இன்ச்சில் வகுத்தால், சாதாரணக் கண்ணுக்கு ஒரு இன்ச்சுக்கு எத்தனை பிக்சல் தேவை என்று வரும். ஐந்து அடி தள்ளி சோபாவில் உட்கார்ந்து பார்த்தால் 57 போதும். அந்தக் கணக்கில் என் 51 பிக்சல் படமே கிட்டத்தட்டத் தேறியிருக்க வேண்டும். ஆனால் செத்துப்போன பெரியவர்களின் படத்தை யாரும் ஐந்து அடி தள்ளி நின்று பார்ப்பதில்லை. பொட்டு வைக்க, மாலை போடக் கிட்டே வருவார்கள். ஒன்றரை அடிக்கு 191 வேண்டும். நான்கு மடங்கு பெரிதாக்கிய ஃபைலில் 205 வருகிறது. பிரிண்டுக்கு எல்லாரும் சொல்லும் 300 இல்லையே என்று அதற்கு மேல் நான் கவலைப்படவில்லை.

பெரிதாக்குவதில்தான் எனக்கு அடி விழுந்தது. ஏஐ-யில் உருவாக்கிய படத்தைப் பெரிதாக்கும் மென்பொருள், இல்லாத நுணுக்கத்தை ஊகித்து நிரப்புகிறது. ஒரே தாவலில் நான்கு மடங்கு ஆக்கியபோது கண்டாங்கிக் கட்டம் தோளில் நேராகப் போய், மடிப்புக்குள் நுழைந்து வெளியே வரும்போது கோடுகளின் எண்ணிக்கையே மாறியிருந்தது. இடது காதில் தண்டட்டி பெட்டி மாதிரி சரியாக இருந்தது. வலது காதில் இருந்ததோ ஜிமிக்கிக்கும் வளையத்துக்கும் நடுவில் ஏதோ ஒன்று. போனில் பார்த்தபோது இது எதுவுமே கண்ணில் படவில்லை. அப்புறம் இரண்டு மடங்காக இரண்டு தடவை பெரிதாக்கினேன். நடுவில், 2048 × 3072-இல் நிறுத்தி, வலது காதுக்கு இடது காதின் நகையைத் திருப்பி ஒட்டிச் சரிசெய்தேன், சேலைக் கட்டத்தைக் கையால் இழுத்தேன். கடைசியாகப் படம் முழுவதும், பழைய ஃபிலிம் போட்டோவில் தெரிகிற பொடிப்புள்ளி மாதிரி மிக லேசான கிரெய்ன் சேர்த்தேன். ஏஐ தோல் மெழுகு மாதிரி இருக்கும் அல்லவா, பெரிய பிரிண்டில் அதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். கிரெய்ன் அதைக் கொஞ்சம் அடக்கிவிடுகிறது. ஷார்ப் பண்ண வேண்டாம் என்று எழுதியதும் இதற்காகத்தான். கடையில் மேலும் ஷார்ப் பண்ணினால் அந்தக் கிரெய்ன் மணல் மாதிரி எழும்பிவிடும்.

ஃபைலை அனுப்புவதற்கு முன் 100 சதவீதத்தில் வைத்து மூலை மூலையாக நகர்த்திப் பாருங்கள். காது, விரல், சேலைக் கரை, கண்ணில் தெரியும் ஒளிப்புள்ளி, இந்த நான்கு இடங்களில்தான் தப்பு ஒளிந்திருக்கும்.

நிறத்துக்கு வருகிறேன். எங்கள் அப்பத்தா கறுப்பு. ஏஐ முதலில் அவரை மாநிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. போராடித்தான் அவர் நிறத்துக்குத் திருப்பினேன். அதைக் கடையில் இன்னொரு தடவை யாராவது "பளிச்சுன்னு" ஆக்கிவிடக் கூடாது. பல இடங்களில் முகம் என்றாலே ஆபரேட்டர் கை தானாக வெளுப்பைக் கூட்டிவிடுகிறது, வாடிக்கையாளர் விரும்புவார் என்ற நினைப்பில். வெளிப்படையாக எழுதாமல் அது நிற்காது.

சிஎம்ஒய்கே என்ற நான்கு இங்க் நிறமுறை வேண்டாம் என்றதற்குக் காரணம், பெரிய போட்டோ இங்க்ஜெட் மெஷின்களில் எட்டுப் பத்து இங்க்குகூட இருக்கும். நாமே நான்கு நிறத்துக்கு மாற்றிக்கொடுத்தால், மெஷினால் காட்ட முடிந்த அரக்கு நிறத்தையும் முன்கூட்டியே நசுக்கிவிடுகிறோம். திரைகளுக்கான பொதுவான நிறமுறையான sRGB-யாகவே கொடுத்து, அந்தப் பேப்பரில் இங்க் எப்படித் தெரியும் என்ற விவரம் அடங்கிய புரொஃபைலை அவர்கள் போடுவதுதான் சரி.

சோதனைத் துண்டு வந்தது. சேலை நன்றாக இருந்தது, கன்னம் மட்டும் இருட்டாக இருந்தது. தப்பு என் மானிட்டரில். வெளிச்சத்தை உச்சத்தில் வைத்து வேலை பார்த்திருக்கிறேன். திரை தானே ஒளிவிடும், காகிதம் அறையின் வெளிச்சத்தை மட்டுமே திருப்பித் தரும். வெள்ளைத் தாளை மானிட்டர் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஒரே மாதிரி தெரியும்வரை வெளிச்சத்தைக் குறைத்தேன். அப்போது ஃபைலும் துண்டு மாதிரியே இருட்டாகத் தெரிந்தது. நிழல் பகுதியை மட்டும் ஒரு படி தூக்கி, இரண்டாவது துண்டு போடச் சொன்னேன். அதை ஹால் டியூப்லைட்டுக்குக் கீழும் பகலில் ஜன்னலோரத்திலும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றேன்.

அளவு விஷயத்தில் நான் ஒன்றை விட்டுவிட்டேன். கடைக்காரரே போன் பண்ணிக் கேட்டார்: "படம் 20×30 சரி, ஃப்ரேமோட வெளி அளவு எவ்வளவு வரலாம்?" படத்தைச் சுற்றி மவுண்ட் என்ற அட்டைச் சட்டம் 2.5 இன்ச் வைத்தால் 25×35. ஒரு இன்ச் கட்டை போட்டால் வெளி அளவு 27×37. எங்கள் சுவரில் ஜன்னலுக்கும் பீரோவுக்கும் நடுவே 30 இன்ச் இடம் இருந்ததால் தப்பித்தேன். அந்த வரியையும் மெசேஜில் சேர்த்தே அனுப்புங்கள். சுற்றிலும் விட்ட 2 இன்ச் வெள்ளை மவுண்டுக்கு அடியில் மறைந்துவிடுகிறது. ஃப்ரேம் விளிம்பு முகத்தையோ கையையோ தின்னாமல் இருக்க அதுதான் காவல். மவுண்ட் இருப்பதால் கண்ணாடியும் பிரிண்டைத் தொடவில்லை. எங்கள் ஊர் ஈரத்துக்குக் கண்ணாடியில் நேராக ஒட்டிய போட்டோ பிய்ந்துவரும், பழைய ஆல்பம் வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரிந்ததுதான். பிரிண்டை ஒரு நாள் முழுக்கக் காயவிட்ட பிறகே கண்ணாடிக்குள் வைத்தார்கள்.

ஒன்றரை வருடம் கழித்து எப்படி இருக்கிறது? அந்த இரண்டாவது சோதனைத் துண்டை பீரோவுக்குள் இருட்டில் போட்டு வைத்திருந்தேன். போன வாரம் எடுத்து, ஃப்ரேமைக் கழற்றி, படத்தின் தோள்மீது வைத்துப் பார்த்தேன். அரக்கிலும் கன்னத்திலும் வித்தியாசம் தெரியவில்லை. படத்தின் மிக வெளிறிய இடங்களில் தெரியும் காகித வெள்ளை மட்டும் சுவரில் இருந்ததில் ஒரு மயிரிழை மஞ்சள் ஏறியிருக்கிறது. வெண்மைக்காகச் சேர்க்கும் வேதிப்பொருள் வெளிச்சத்தில் தேய்வதால் வருவது அது. அடுத்த முறை, அந்த வேதிப்பொருள் இல்லாத பருத்திக் காகிதம் கேட்பேன். மவுண்டின் கீழ் ஓரத்தில் லேசான ஒரு அலை விழுந்திருக்கிறது. எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது கண்ணாடிதான். எதிரே ஜன்னல் இருப்பதால் காலை பத்து மணிக்கு அப்பத்தா முகத்தில் தென்னை மரம் தெரிகிறது. பிரதிபலிக்காத கண்ணாடி என்று ஒரு வார்த்தை எழுதியிருக்க வேண்டும்.

படத்தைப் பார்க்க வந்த பெரிய அத்தை, கண்ணாடிக்கு மேலேயே தண்டட்டியை விரலால் தடவி, "இது எங்க அம்மா போட்டிருந்ததுதான்" என்றார். அந்த நகையில் பாதி நான் திருப்பி ஒட்டியது. அதனால் ஃப்ரேமின் பின்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: இது ஏஐ-யில் உருவாக்கிய படம், முகம் சித்தப்பா கல்யாணப் போட்டோவிலிருந்து எடுத்தது, காதும் சேலைக் கட்டமும் கையால் திருத்தியவை. அந்தக் குரூப் போட்டோவின் ஒரு பிரதியையும் உறையில் போட்டு அதற்குப் பக்கத்திலேயே ஒட்டிவைத்திருக்கிறேன்.