அதிகாலையில் பில் போடுபவர்கள் கவனத்துக்கு: "எக்ஸ்போர்ட் பிழை சரிசெய்யப்பட்டது" என்ற வரியை மட்டும் நம்பி ரிட்டர்ன் போடாதீர்கள்

டீக்கடைகளுக்கு பன், ரஸ்க், பிஸ்கட் சப்ளை செய்வது எங்கள் தொழில். வண்டியில் சரக்கு ஏறுவது அதிகாலை மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில்தான், பெரும்பாலான பில்களும் அந்த நேரத்தில்தான் விழும். வருடச் சந்தா கட்டி ஆன்லைனில் ஓடும் ஒரு பில்லிங் சாப்ட்வேர் வைத்திருக்கிறோம். 2025 ஜூன் நடுவில் அதன் புது வெர்ஷன் வந்தது. மாற்றங்கள் பட்டியலின் கடைசியில் ஒரு வரி: "எக்ஸ்போர்ட் ஃபைலில் தேதி தொடர்பான சிறு பிழை சரிசெய்யப்பட்டது. தேவைப்பட்டால் பழைய ஃபைல்களை மீண்டும் டவுன்லோட் செய்துகொள்ளவும்."

அது சிறு பிழை இல்லை. அந்த வரியில் சொன்னபடி மட்டும் செய்திருந்தால் ஒரே விற்பனைக்கு இரண்டு முறை வரி கட்டியிருப்போம்.

பிழையை முதலில் பார்த்தவர் எங்கள் ஆடிட்டர். வாரத்தில் ஒரு நாள் எங்களுக்கு விடுமுறை. ஆனால் எக்ஸ்போர்ட் செய்த சிஎஸ்வி ஃபைலில் எல்லா விடுமுறை நாளிலும் விற்பனை இருந்தது. "கடை பூட்டியிருந்த நாளில் யார் பில் போட்டது?" என்று கேட்டார். சாப்ட்வேர் திரையில் அதே பில்களைத் திறந்தால் மறுநாள் தேதி சரியாக நிற்கிறது. ஃபைலில் மட்டும்தான் விடுமுறை நாள் தேதி.

காரணம் இதுதான். இதுபோன்ற சாப்ட்வேர்கள் பில் நேரத்தை யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் சேமிக்கும். நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் ஓடுகிறது. திரையில் காட்டும்போது நம் நேரத்துக்கு மாற்றிக் காட்டியவர்கள், ஃபைலாக எழுதும்போது மாற்றாமல், சேமித்த நேரத்திலிருந்து தேதியை அப்படியே வெட்டி எடுத்துவிட்டார்கள். ஏப்ரல் 1 அதிகாலை 4:10க்குப் போட்ட பில் இப்படி ஆகிவிடுகிறது:

```
IST: 2025-04-01 04:10
UTC: 2025-03-31 22:40
CSV: 2025-03-31
```

நள்ளிரவு 12 மணியிலிருந்து அதிகாலை 5:29 வரை போட்ட ஒவ்வொரு பில்லும் முந்தைய நாளுக்குப் போய்விடும். காலை ஒன்பது மணிக்குக் கடை திறப்பவர்களுக்கு ஒன்றுமே ஆகாது. அதனால்தான் இது இவ்வளவு காலம் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது. பகலில் உட்கார்ந்து சோதித்துப் பார்ப்பவருக்கு இந்தப் பிழை வரவே வராது.

மாதக் கணக்கை எடுத்தால் இன்னும் மோசம். மார்ச் மாதத்துக்கு எக்ஸ்போர்ட் கேட்டால் வருவது மார்ச் 1 காலை 5:30 முதல் ஏப்ரல் 1 காலை 5:30 வரை உள்ள பில்கள். மார்ச் 1 அதிகாலை பில்கள் பிப்ரவரி ஃபைலுக்குப் போய்விட்டன, அவற்றுக்குப் பதிலாக ஏப்ரல் 1 அதிகாலை பில்கள் உள்ளே வந்துவிட்டன. போனதும் வந்ததும் ஒரு விடியற்காலை வியாபாரம்தான் என்பதால் மொத்தத்தைப் பார்த்தால் சந்தேகமே வராது. ஆனால் ஏப்ரல் 1 என்பது புது நிதியாண்டு. எங்கள் 2025-26 வரிசையின் ஒன்றாம் எண் பில், 2024-25 கணக்கில் மார்ச் 31 தேதியோடு உட்கார்ந்திருந்தது.

சாப்ட்வேர் நிறுவனத்துக்கு இதை எழுதிக் கேட்டபோது, உங்கள் கணினியின் கடிகாரத்தைச் சரிபாருங்கள் என்றுதான் முதலில் பதில் வந்தது. கடிகாரம் தவறென்றால் திரையில் மட்டும் எப்படிச் சரியான தேதி வரும்? அதற்குப் பதில் இல்லை. அப்புறம் வந்ததுதான் அந்த ஒற்றை வரி. எந்த நேரத்து பில்கள், எந்தத் தேதியிலிருந்து எடுத்த ஃபைல்கள் என்று எதுவுமே அதில் கிடையாது.

சரி, மீண்டும் டவுன்லோட் செய்யலாம் என்று போனால் அங்கே இன்னொரு சிக்கல். "முந்தைய எக்ஸ்போர்ட்கள்" பட்டியலில் உள்ள பொத்தானை அழுத்தினால், அன்றைக்கு உருவாக்கி அவர்கள் சர்வரில் வைத்திருந்த அதே பழைய ஃபைல்தான் மறுபடி இறங்குகிறது. திருத்தம் புதிதாக உருவாக்கும் ஃபைலுக்கு மட்டும்தான். தேதி வரம்பைக் கொடுத்து எக்ஸ்போர்ட்டை முதலிலிருந்து போட வேண்டும். இறங்கியது புதுசா பழசா என்று தெரிந்துகொள்ள, மாதத்தின் முதல் பில் எண்ணைத் திரையில் பார்த்துக் குறித்துக்கொண்டு, ஃபைலில் முதல் வரியும் அதே எண்ணில் தொடங்குகிறதா என்று பாருங்கள். கடைசி எண்ணையும் அப்படியே ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் புது ஃபைல்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மே மாத ஜிஎஸ்டிஆர்-1 ஜூன் 11-க்குள் போட்டாகிவிட்டது, பழைய ஃபைலை வைத்து. அதில் ஜூன் 1 அதிகாலை பில்களும் சேர்ந்திருந்தன. திருத்தம் வந்தது அதற்குப் பிறகு. இப்போது புது வெர்ஷனில் ஜூன் மாத ஃபைலை எடுத்தால், ஜூன் 1 அதிகாலை பில்கள் சரியாக ஜூனில் வரும். ஃபைலில் தவறே இல்லை. ஆனால் அந்த பில்கள் ஏற்கெனவே மே கணக்கில் போய்விட்டவை. ஜிஎஸ்டி எண் உள்ள வாடிக்கையாளருக்குப் போட்ட பில் என்றால் எண் வாரியாக ஏறும், அதே எண் மறுபடி வரும்போது போர்ட்டல் தடுத்துவிடும். டீக்கடைக்காரர்கள் பலருக்கு ஜிஎஸ்டி எண் கிடையாது. அவர்களுடைய விற்பனை எல்லாம் ஒரே மொத்தமாகத்தான் ஏறுகிறது. அங்கே எந்த எச்சரிக்கையும் வராது, இரண்டு முறை வரி கட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம்.

எங்கள் ஆடிட்டர் பழைய மே ஃபைலையும் புது மே ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பில் எண்ணைக் கொண்டு வித்தியாசம் எடுத்தார். பழையதில் இருந்து புதியதில் இல்லாதவை ஜூன் 1 அதிகாலை பில்கள். புதியதில் மட்டும் இருப்பவை மே 1 அதிகாலை பில்கள், அவை ஏப்ரல் ரிட்டர்னில் போய்விட்டவை. ஜிஎஸ்டி எண் இல்லாதவர்களின் மொத்தத்தை ஜிஎஸ்டிஆர்-1-இன் அட்டவணை 10 வழியாகத் திருத்தினார். தவறு எப்போதும் முந்தைய மாதத்துக்குத்தான் தள்ளியது என்பதால் எந்த பில்லுக்கும் வரி தாமதமாகவில்லை என்றார், அந்த மட்டில் நிம்மதி. 2024-25க்கான திருத்தங்களுக்கு 2025 நவம்பர் 30 வரைதான் அவகாசம் இருந்தது, ஆண்டு ரிட்டர்னை அதற்கு முன்பே போட்டுவிட்டால் அதுவும் கிடையாது. அதனால் மார்ச் மாதத்தை முதலில் எடுத்துக்கொண்டோம்.

அவர்கள் எழுதியிருக்க வேண்டிய குறிப்பு இவ்வளவுதான்: "நள்ளிரவு 12 முதல் காலை 5:29 வரை போட்ட பில்கள் எக்ஸ்போர்ட் ஃபைலில் முந்தைய நாள் தேதியில் வந்தன. இந்த வெர்ஷனுக்கு முன் எடுத்த எல்லா விற்பனை ஃபைல்களும் பாதிக்கப்பட்டவை. பட்டியலில் இருந்து டவுன்லோட் செய்யாமல் புதிதாக எக்ஸ்போர்ட் செய்யவும். பழைய ஃபைலை வைத்து ரிட்டர்ன் போட்டிருந்தால், அடுத்த மாதத்தின் முதல் நாள் பில்கள் இருமுறை சேராமல் பார்த்துக்கொள்ளவும்." நான்கு வாக்கியம். இதை எழுதி அனுப்பி, எல்லா வாடிக்கையாளர்களுக்கும் மின்னஞ்சல் போடுங்கள் என்று கேட்டோம். இதுவரை போடவில்லை.

நீங்களும் அதிகாலையில் பில் போடுபவராக இருந்தால், எந்த சாப்ட்வேராக இருந்தாலும் விடுமுறை நாளில் விற்பனை காட்டுகிறதா என்று உங்கள் ஃபைலைத் திறந்து பாருங்கள். காட்டினால், புது ஃபைல் எடுத்த கையோடு பழையதை அழித்துவிட வேண்டாம். நீங்கள் போட்ட ரிட்டர்ன் அந்தப் பழைய ஃபைலை வைத்துத்தான், எந்த பில் எந்த மாதத்தில் ஏறியது என்பதற்கு வேறு ஆதாரம் தேடுவது கஷ்டம்.