தாண்டிக்குடி மிளகு: வாயுவா, நீராவியா?

மிளகைத் தரையில் காயவைத்தால் மண்ணிலிருந்தும் பறவை எச்சத்திலிருந்தும் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மோனெல்லா பாக்டீரியா ஒட்டலாம். காய்ந்த மிளகில் அது பெருகாது, ஆனால் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் ஏற்றுமதிக்குச் சுத்திகரிப்பு தேவை. கிருமியைக் கொல்ல எத்திலீன் ஆக்சைடு என்ற வாயுவா, நீராவியா என்பதில்தான் தாண்டிக்குடி போன்ற பழனி மலை ஊர்களின் விவசாயிகளுக்குக் குழப்பம்.

மணம்:
எத்திலீன் ஆக்சைடு: அதிக சூடு வேண்டாம், வாசனை எண்ணெய் பெரும்பாலும் தங்கும்.
நீராவி: கொஞ்சம் மணம் போகும், முழு மிளகு தாங்கும், பொடி கட்டி தட்டும்.

வேலை:
எத்திலீன் ஆக்சைடு: மூட்டைக்குள்ளேயே ஊடுருவும்.
நீராவி: பிறகு மறுபடி உலர்த்த வேண்டும், ஈரம் நின்றால் பூஞ்சை வரும்.

எச்சம்:
நீராவி: ரசாயன எச்சம் இல்லை.
எத்திலீன் ஆக்சைடு: சிக்கலே இங்கேதான். இது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். காற்றோட்டம் கொடுத்தால் வாயு பெருமளவு வெளியேறிவிடும். ஆனால் அதில் ஒரு பகுதி மிளகிலுள்ள குளோரைடுடன் சேர்ந்து 2-குளோரோஎத்தனால் ஆகித் தங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் இரண்டையும் கூட்டி, மசாலாப் பொருளில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம்தான் அனுமதிக்கிறது. அமெரிக்காவோ தனித்தனியாகப் பார்த்து, வாயுவுக்கு 7, குளோரோஎத்தனாலுக்கு 940 மில்லிகிராம் வரை விடுகிறது. ஒரே மூட்டை அமெரிக்காவில் தேறும், ஐரோப்பாவிலிருந்து திரும்பி வரும்.

ஐரோப்பாவுக்கு அனுப்பினால் இந்த இரண்டில் நீராவிதான் வழி. அமெரிக்காவுக்கு வாயு சட்டப்படி சரி. ஆனாலும் முழு மிளகுக்கு நான் நீராவியையே சொல்வேன். பொடி விற்பவர்கள் முழு மிளகாக நீராவி காட்டி உலர்த்தி, அப்புறம் சுத்தமான இயந்திரத்தில் அரைக்கலாம்.